போனா நான் எடுத்துட்டு வரேன்

உறைபனி விழுந்த புல்லை மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும், பூட்ஸுக்குள் விரல்கள் மரத்துப் போனபின் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கால் தரையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். பதினோராம் வகுப்பு படித்த வருடம், ஜனவரி மாதத்துக் காலை ஒன்றில், ஊட்டியில் ஒரு கால்பந்து மைதானத்தின் நிழல் விழுந்த ஓரத்தில் நான் அந்தச் சத்தத்தை முப்பத்தைந்து நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குள் எங்கள் பள்ளி மூன்று கோல் வாங்கியிருந்தது. மூன்றும் நான் காக்க வேண்டிய பக்கத்திலிருந்து வந்தவை.

எனக்கு மரத்திருந்தது கால் மட்டுமில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, தீபாவளி கழிந்த வாரத்தில், அம்மா காய்ச்சலில் படுத்து ஐந்தாம் நாள் குன்னூர் ஆஸ்பத்திரியில் இறந்து போயிருந்தார். நான் அழவில்லை. பிடிவாதமெல்லாம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பய கல்லு மாதிரி இருக்கான், ஒரு தடவ அழுதுட்டா தேவல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபின் நான் சோறு போட்டுச் சாப்பிடுவேன், ருசி ஒன்றும் தெரியாது, ஆனால் தட்டு காலியாகிவிடும்.

நாங்கள் இருந்தது குன்னூரிலிருந்து மஞ்சூர் போகும் வழியில் ஒரு தேயிலை எஸ்டேட். என் தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்பதால் எங்கள் வீட்டில் மட்டும் அந்த வரிசை வீடுகளை "லயம்" என்று சொல்வோம், மற்றவர்கள் "லைன் ஊடு" என்பார்கள். வீடு அம்மாவின் வேலைக்கு உரியது. அப்பா குன்னூர் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிறவர், எஸ்டேட் பேரேட்டில் அவர் பெயர் கிடையாது, வயதும் தாண்டிவிட்டது. எனக்கு வயது போதாது. ஆகவே மார்ச்சோடு வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பூரில் சித்தப்பா வீட்டுக்குப் போவது, அங்கே அப்பாவும் நானும் பனியன் கம்பெனியில் சேர்ந்துகொள்வது என்று முடிவாகியிருந்தது. இதில் ஒரே ஒரு விலக்கு. அந்த ஊட்டி ஆட்டத்தைப் பார்க்க விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிற அதிகாரி ஒருவர் வருவதாகச் சொன்னார்கள். அவர் குறிப்பில் பெயர் ஏறினால் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் விடுதியில். அப்பா அதற்கு ஒத்துக்கொண்டிருந்தார். "எடுத்தாங்கன்னா படி. இல்லேன்னா என்னோட வா. ரெண்டுல ஒண்ணு, அப்புறம் மொகத்தத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்றார்.

அந்த அதிகாரி பச்சைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, படிக்கட்டுகளில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பந்தைப் பார்த்ததைவிட அந்தத் தொப்பியைத்தான் அதிகம் பார்த்தேன் என்று வையுங்கள்.

எங்கள் ஆட்டத்தின் கோளாறு என்னவென்று புரிய வேண்டுமானால் எங்கள் பள்ளி அணி ஆடிப் பழகிய எஸ்டேட் மைதானத்தைச் சொல்ல வேண்டும். மலையில் ஏது சமதளம், சரிவை ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் கொட்டிச் செய்த தரை அது. மேல்பக்கம் ஆள் உயர மண்சுவர். கீழ்ப்பக்கம் ஒன்றுமில்லை, சுண்ணாம்புக் கோடு முடிந்த இடத்திலேயே தேயிலைச் சரிவு தொடங்கிவிடும். பந்து அந்தப் பக்கம் போனால் புதர்களுக்கு மேல் எகிறி எகிறி ஓடை வரைக்கும் போய்த்தான் நிற்கும். "உதைச்சவன் எறங்கு" என்பது எங்கள் சட்டம். இறங்கினால் அட்டை கடிக்கும், சமயத்தில் புதர் நடுவே காட்டெருமை அசையாமல் நின்றுகொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும், எப்படியும் ஆட்டம் கால் மணி நேரம் நின்று போகும், மேலே இருக்கிற பத்துப் பேரும் இறங்கியவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இப்படியே ஐந்தாறு வருடம் ஆடியதில், எங்களில் யாரும் யாருக்கும் சொல்லித் தராமலே, பந்தைக் கீழ்ப்பக்கம் கொண்டுபோகாமல் ஆடக் கற்றுக்கொண்டுவிட்டோம். மண்சுவர் பக்கமே நெருக்கி நெருக்கி ஆடுவோம். எதிராளிகளும் எங்களைப்போல எஸ்டேட் பையன்கள்தான் என்பதால் அவர்களும் அப்படியே ஆடினார்கள். வித்தியாசமே தெரிந்ததில்லை.

எனக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. கீழ்ச்சரிவில் கொழுந்து எடுக்கிற நாட்களில் அம்மா அங்கே இருப்பார். சாயங்காலம் எடை போட்டு முடித்து, கூட்டாளிகளை அனுப்பிவிட்டு, ஓடை ஓரம் விறகு பொறுக்குகிற சாக்கில் நிற்பார். பந்து வந்தால் எடுத்து, இடுப்பில் கட்டியிருக்கும் "படங்கு"வில் துடைப்பார். ஈரப் புதர் சேலையை நனைக்காமல் இருக்கக் கொழுந்து பறிக்கிற பெண்கள் கட்டிக்கொள்ளும் கெட்டித் துணி அது. துடைத்த பந்தைக் கூடையில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்து, "இந்தா, இதுதான் கடைசி. இனி போச்சுன்னா அங்கயே கெடக்கட்டும்" என்பார். மறுநாளும் அதையேதான் சொல்வார். தீபாவளிக்குப் பிறகு நான் கீழ்ப்பக்கம் பந்தை விட்டதே இல்லை.

ஊட்டி மைதானத்தில் ஒரு பக்கம் படிக்கட்டு, மறுபக்கம் இடுப்பளவு கம்பி வேலி, வேலிக்கு அப்பால் பள்ளத்தில் ரோடு. எங்கள் கண்ணுக்கு அது கீழ்ப்பக்கமாகிவிட்டது. முதல் பாதியில் அது எங்களுக்கு இடது பக்கம், நான் இடது பின்காப்பு. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே எனக்கு முன்னால் ஆட வேண்டிய பையன் நடுவுக்கு ஒதுங்கினான், நானும் அவனோடு ஒதுங்கினேன். கோட்டோரம் பதினைந்து கஜம் அகலத்துக்கு ஆளே இல்லாத பாதை ஒன்று திறந்து கிடந்தது. எதிரணியின் ஏழாம் நம்பர் பையன், ஒல்லியானவன், காதுவரை கட்டிவந்த மப்ளரை ஆட்டம் தொடங்கும்போதுதான் அவிழ்த்தவன், அந்தப் பாதையில் தனியாக ஓடி இரண்டு முறை பந்தை உள்ளே அனுப்பினான். இரண்டும் கோல். மூன்றாவது முழுக்க என் கைங்கரியம். பந்து கோட்டை நோக்கி உருண்டது, அவன் என் முதுகுக்குப் பின்னால் ஓடி வருகிறான், உலகத்தில் எந்தப் பின்காப்பு ஆட்டக்காரனும் அந்த இடத்தில் பந்தை வெளியே உதைத்துத் தள்ளிவிட்டு மூச்சு விடுவான். என் கால் உதைக்க மறுத்தது. பந்தை நிறுத்தி உள்பக்கம் திரும்பப் பார்த்தேன், அவன் தட்டிப் பறித்துக்கொண்டு போனான். கோல் விழுந்த கையோடு இடைவேளை விசில் அடித்தார்கள்.

படிக்கட்டோரம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜான் என்கிற மாற்று ஆட்டக்காரன் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். எனக்குப் பதிலாகத்தான் என்பது அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். எனக்கு வருத்தம் கூட வரவில்லை. சரி, திருப்பூர்தான், என்று பஸ்ஸில் நிறுத்தம் வருவதைப் பார்ப்பவனைப்போல நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பயிற்சியாளர் ரங்கசாமி சார், பள்ளியின் பி.டி. மாஸ்டர். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், ஐம்பது வயது, இடது முழங்காலில் பழைய அடி, படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குவார். வகுப்பில் அவருக்குத் தொண்டை அதிகம். அன்று கத்தப்போகிறார் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவர், "சித்த நேரம் ஒருத்தனும் பேச வேண்டாம். குடிங்க" என்றார்.

பத்து நிமிட இடைவேளையில் பாதி எங்களைக் கவனிப்பதிலேயே போனது. பிளாஸ்க்கிலிருந்து வெதுவெதுப்பான குளுக்கோஸ் தண்ணீர், ஆளுக்கு அரை டம்ளர், அதற்கு மேல் கேட்டால் வயிற்றில் குலுங்கும் என்று தரமாட்டார். உட்கார்ந்தவர்கள் தோளில் ஸ்வெட்டரைப் போடச் சொன்னார். ஒருவன் பூட்ஸைக் கழற்றப் போனான், "கழட்டாத, அப்புறம் ஏறாது" என்று கையைத் தட்டிவிட்டார். பிறகு ஒரு குச்சியை எடுத்து ஒவ்வொருவன் காலையும் தன் தொடைமேல் தூக்கி வைத்து பூட்ஸ் அடியில் அப்பியிருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார். எடுத்துக்கொண்டே கணுக்காலை அமுக்கி, "வலிக்குதா?" என்பார். என் கால் வந்தபோதும் தோண்டினார், அமுக்கினார். "வலிக்குதா?" இல்லை என்றேன். "எதுவாச்சும் தெரியுதா?" இல்லை என்றேன். "ம்" என்று காலைக் கீழே வைத்தார்.

அப்புறம் எங்கள் கேப்டன் முபாரக்கைத்தான் முதலில் கேட்டார். அவன் கோல்கீப்பர், குன்னூர் பஜாரில் செருப்புக் கடைக்காரர் மகன், மைதானம் முழுவதையும் பின்னாலிருந்து பார்க்கிறவன். "நீ சொல்லு கண்ணு. என்ன பாத்த?"

முபாரக் தயங்கினான். "வேலிப் பக்கம் நம்ம ஆளு யாருமே இல்ல சார். எல்லாம் இந்தப் பக்கமே நிக்கிறாங்க."

"ஏன்?"

அவர் ஜல்லிக் கற்களைப் பொறுக்கிப் படிக்கட்டின் மேல் எங்கள் பதினொரு பேரையும் வைத்தார். கற்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தன. பார்த்தால் எங்கள் எஸ்டேட் மைதானமேதான். முன்னால் ஆடுகிற சிவா முதலில் சிரித்தான், பிறகு நாலைந்து பேர் சிரித்தோம், மூன்று கோல் வாங்கிவிட்டுச் சிரிக்கிறோமே என்று நிறுத்திக்கொண்டோம்.

"அவனுக நம்மளவிட நல்லாவா ஆடறானுக? இல்ல. நாமதான் பாதி கிரவுண்டுல ஆடறோம்" என்றார் சார். குரல் உயரவே இல்லை, கடையில் சாமான் சொல்கிற குரல். "இப்ப பக்கம் மாறுது. வேலி நமக்கு வலப்பக்கம் வருது. அந்த ஏழாம் நம்பர் ஓடற பக்கம் படிக்கட்டுப் பக்கமாயிடும், அங்க யாரும் சொல்லாமயே நீங்க கூட்டமா நிப்பீங்க, அவனுக்கு வழி இருக்காது. வேலிப் பக்கம் இத்தன நேரம் அவங்களுக்குச் சும்மா கெடைச்சுது. இனி நமக்குக் கெடைக்கும், ஆளு நின்னா." ஒரு கல்லை எடுத்தார். "செல்வம், நீ வலப்பக்கம் வா. வலது பின்காப்பு எடப்பக்கம் போகட்டும். உனக்கு வலது கால்தான, அங்க உதைக்க இன்னும் வசதி." அந்தக் கல்லைப் படிக்கட்டின் விளிம்போரம் வைத்தார். "கோட்டு மேலயே நில்லு. உள்ள வராத. யாரு திட்டினாலும் வராத."

செல்வம் நான்தான். ஜான் கழற்றிய ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். "நீ போட்டுக்க கண்ணு, குளிருது" என்றார் அவனிடம்.

"அப்புறம் ஒண்ணு" என்றார். "பந்து வெளிய போகட்டும். ஆபத்துன்னா யோசிக்காம வெளிய ஒத. அங்க வேலி இருக்கு, தாண்டினாலும் ரோடுதான். போனா நான் எடுத்துட்டு வரேன். உங்கள்ல ஒருத்தனும் எறங்க வேண்டாம்." இதை எல்லோருக்கும்தான் சொன்னார், ஆனால் சொல்லும்போது என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, மூணு கோல் அடிக்கணும்னு ஓடாதீங்க, முதல் பத்து நிமிஷம் கோல் வாங்காம இருங்க, அப்புறம் ஒண்ணு அடிங்க, அப்புறம் பேசிக்கலாம், என்றார். பேச்சு முடிந்துவிட்டது. மொத்தமே இரண்டு நிமிடம்தான் இருக்கும். மிச்ச நேரத்துக்கு, உட்கார்ந்தால் விறைத்துவிடும் என்று எழுப்பி நிற்க வைத்து இடத்திலேயே குதிக்க விட்டார்.

பத்து நிமிடம் கோல் வாங்கவில்லை. நான் கோட்டு மேல் நின்றேன். அங்கே நிற்பது வெறும் தெருவில் தனியாக நிற்பதாகவே இருந்தது, உள்ளே ஓடி எல்லோரோடும் சேர்ந்துகொள்ளக் கால் இழுத்தது, நின்றேன். பதினைந்தாவது நிமிடம் வாக்கில் முபாரக் பந்தைத் தூக்கி என்னிடம் எறிந்தான். எனக்கு முன்னால் வேலியோரம் யாருமே இல்லை. ஓடினேன், ஓடுகிற கால் என்னுடையது என்ற உணர்வே இல்லாமல் ஓடினேன், வலது காலால் உள்ளே தூக்கிப் போட்டேன், சிவா தலையால் தட்டினான். ஒன்றுக்கு மூன்று.

எதிரணி ஆசிரியர் சும்மா இருப்பாரா, ஏழாம் நம்பரை என் பக்கம் மாற்றினார். இரண்டு முறை அவனை நிறுத்தினேன். மூன்றாம் முறை, பந்து கோட்டை நோக்கி உருள்கிறது, அவன் என் முதுகுக்குப் பின்னால். அதே பந்து, அதே ஓட்டம். நான் உதைத்தேன். உதைத்த வேகத்தில் பந்து வேலிக்கு மேல் எழும்பி, ரோட்டுப் பள்ளத்தில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது.

இருந்த உதிரிப் பந்தில் காற்று இறங்கிப் போயிருந்தது. நடுவர் கைக்கடிகாரத்தை நிறுத்திவிட்டு நின்றார். இருபத்திரண்டு பேரும் நின்றோம். படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ரங்கசாமி சார் கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார், வேலிமேல் ஒரு காலைப் போட்டு, மற்றக் காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார், பக்கவாட்டில் இறங்கி மறைந்தார். நாலு நிமிடம் இருக்கும். யாரும் என்னைத் திட்டவில்லை. நான் வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் வழுக்கைத் தலை தெரிந்தது, பிறகு தோள், பிறகு நெஞ்சோடு அணைத்த பந்து. ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, ஸ்வெட்டரின் கீழ்விளிம்பை இழுத்துப் பந்தைச் சுற்றித் துடைத்தார். எறிதல் அவர்களுக்கு என்பதால் பந்தை ஏழாம் நம்பரின் கையில் கொடுத்தார். என்னைத் தாண்டும்போது, "இப்பச் சரி. நில்லு" என்று மட்டும் சொன்னார்.

நான் கோட்டு மேல் போய் நின்றேன், அழுகை அப்போதும் வரவில்லை. ஆட்டம் தொடர்ந்துவிட்டது.

முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் சிவா இன்னொன்று அடித்தான். அதுவும் என் பக்கத்திலிருந்து போன பந்துதான். ஆனால் நேரம் போதவில்லை, மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். பச்சைத் தொப்பி அதிகாரி இறங்கி வந்து சாரோடு பேசினார். சிவாவின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக்கொண்டார். சார் என்னைக் காட்டி ஏதோ சொன்னார், அதிகாரி தலையாட்டிக் கேட்டார், பேனாவை மூடிப் பையில் செருகினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முதல் பாதியையும் அவர் பார்த்திருந்தாரே.

மார்ச்சில் வீட்டைக் காலி செய்தோம். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அப்பா, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய படங்கை எடுத்து என்னிடம் எறிந்து, "இதுல அந்த டம்ளருகளச் சுத்து" என்றார். நீலக் கோடு போட்ட கெட்டித் துணி. விரித்தேன். தேயிலைக் கறைக்கு நடுவில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, பந்து அளவில் வட்டம் வட்டமாகச் செம்மண் கறை, ஒன்றின் மேல் ஒன்றாக, துடைத்த கையின் சுழற்சி உட்பட. நான் அங்கேயே, வெறும் தரையில், டம்ளர்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அப்பா கட்டுவதை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, டம்ளர்களைத் தன் வேட்டியிலேயே சுற்றிக் கட்டினார்.

இப்போது திருப்பூரில் ஒரு கம்பெனியில் தையல் முடிந்த துணிகளைச் சரிபார்க்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே காலும் கையும் மரத்துப் போக வழியே இல்லை, வருடம் முழுக்க வேர்க்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மலைக்குப் போனவன் பழைய மைதானத்தையும் எட்டிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் முழுக்க உயரமாக வலை கட்டியிருக்கிறார்கள். பையன்கள் கோடு வரைக்கும் ஓடி ஓடி ஆடுகிறார்கள், பந்து வலையில் பட்டுத் திரும்பி அவர்கள் காலடிக்கே வருகிறது. வலைக்கு அப்பால் தேயிலை, வெட்டிக் கவாத்து செய்ய ஆளில்லாமல், ஆளுயரத்துக்கு மரமாகிவிட்டது, அதற்குள் யாரும் இறங்குவதில்லை, யாரும் ஏறி வருவதுமில்லை. ரங்கசாமி சார் ஓய்வு பெற்றுக் கோபிக்கே போய்விட்டார், முழங்காலுக்கு ஆபரேஷன் ஆனதாக முபாரக் போனில் சொன்னான்.

படங்கைத் திருப்பூருக்கு எடுத்து வந்தேன். வந்த முதல் வாரத்திலேயே சித்தி, பாவம், அழுக்குத் துணி என்று நினைத்து, சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, அடித்துத் துவைத்து, மாடியில் காயப் போட்டுவிட்டாள். நான் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தபோது நன்றாகக் காய்ந்திருந்தது. இன்றும் பீரோவில் இருக்கிறது, நீலக் கோடெல்லாம் பளிச்சென்று தெரியும், கறை ஒன்றுகூட இல்லை.